ஊர் இரண்டு, வழி ஒன்று

விக்கிரவாண்டியில் முறுக்கு, மிக்சர் போடும் ஒரு சிறு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்ப தினமும் 200 அட்டைப்பெட்டி வேண்டும். சேலத்தில் ஒருவர், திருச்சியில் ஒருவர் என இருவரிடம் வாங்குகிறது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர். கணக்கு சரிதானே?

2024 டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை அந்தக் கணக்கைக் கலைத்திருக்கும். ஃபெஞ்சல் புயல் மழையில் ஆறு பெருகி, விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறியது. சேலம் லாரி, திருச்சி லாரி இரண்டும் உளுந்தூர்பேட்டையில் ஒன்றுசேர்ந்து அந்த வழியாகத்தான் வரும். ரயிலும் உதவாது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் அன்று அதுவும் நின்றது. ஆக, இருந்தது ஒரே சப்ளையர்தான்!

வடக்கே சென்னையில் ஒருவரைப் பிடிக்கலாம். விலை கொஞ்சம் கூடலாம். ஆனால் போன் நம்பரை மட்டும் எழுதி வைத்தால் ஆபத்து நேரத்தில் பெட்டி வராது. பெட்டியின் அளவுக்கு வெட்டும் அச்சு, மேலே அடிக்கும் பிளாக் எல்லாம் அவரிடம் முன்பே தயாராக இருக்கவேண்டும். 25 வேலைநாளுக்கு 5000 பெட்டி என்றால், அதில் 1000 மாதாமாதம் அவரிடமே வாங்க வேண்டும். போன் செய்து சரக்கு வர அவருக்கு 2 நாள் ஆகுமானால், 400 பெட்டி எப்போதும் கையிருப்பில். வடக்குச் சாலையும் மறிபடும் மழைக்கு இன்னும் கொஞ்சம்.