எட்டில் ரெண்டு போனா ஆறா?

மச்சான், கடுகண்ணாவையிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவை நாங்கள் எல்லாருமே கேட்டோம். "பேங்க்ல எட்டு குடுக்குறான், பணவீக்கம் ரெண்டுகூட இல்ல. அப்ப ஆறு சதவீதம் சும்மா லாபம்தானே?" என்று கேட்டிருந்தாய். நிலையான வைப்பு கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த ஆறு உன் கைக்கு வராது என்பதுதான் எங்கள் பதில்.

முதலில் அந்த ரெண்டைப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 1.5 சதவீதம். அது 2024 செப்டம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரை விலை எவ்வளவு ஏறியது என்ற கணக்கு. உன் வட்டியோ இனி வரப்போகும் பன்னிரண்டு மாதத்துக்கு. முடிந்துபோன வருடத்தின் விலையேற்றத்தை, வராத வருடத்தின் வட்டியிலிருந்து கழிக்கிறாய். இந்த நாட்டில் அந்த எண் எப்படித் துள்ளும் என்று உனக்கே தெரியும். 2022 செப்டம்பரில் 69.8, 2025 பெப்ரவரியில் பூச்சியத்துக்கும் கீழே 4.2. மத்திய வங்கி தனக்கு வைத்திருக்கும் இலக்கு 5 சதவீதம். ஆகவே எங்கள் கணக்கில் 5 என்றே வைப்போம்.

இப்போது வரி. நீ ஐந்து லட்சத்தை ஒரு வருடத்துக்கு 8 சதவீதத்தில் போட்டால் வட்டி 40,000 ரூபாய். அதில் வங்கி 10 சதவீதம், அதாவது 4,000 ரூபாயை நிறுத்திவைத்தல் வரியாக எடுத்துக்கொள்ளும். 2025 ஏப்ரலுக்கு முன்னால் இது 5 சதவீதமாக இருந்தது. "சரி, 4,000 போச்சு, அவ்வளவுதானே" என்பாய். இல்லடா. அது முற்பணம் மட்டும்தான். வட்டியும் உன் சம்பளத்தோடு சேர்ந்து வருமானமாகத்தான் எண்ணப்படும்.

உன் சம்பளம் மாதம் மூன்று லட்சம், வருடத்துக்கு 36 லட்சம். அதில் 18 லட்சம் வரிவிலக்கு. மிச்சத்தில் முதல் பத்து லட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த ஐந்து லட்சத்துக்கு 18, அதற்கடுத்த ஐந்து லட்சத்துக்கு 24. உன் சம்பளமே இந்த 24-இன் படியில் ஏறி நிற்கிறது. மேலே வந்து உட்காரும் வட்டிக்கும் அதே 24தான். 40,000-க்கு வரி 9,600 ரூபாய். வங்கி எடுத்தது 4,000. மிச்சம் 5,600-ஐ நீதான் வருமான வரி அறிக்கையில் காட்டிக் கட்ட வேண்டும்.

உன் கையில் வருட முடிவில் 5,30,400 ரூபாய். இன்று ஐந்து லட்சத்துக்கு வாங்கும் சாமானை அன்று வாங்க 5,25,000 வேண்டும். உண்மையில் கூடியது 5,400 ரூபாய், ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆறு எங்கே, ஒன்று எங்கே!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வட்டியில் பெரும்பகுதி லாபமே இல்லை, விலையேற்றத்துக்கான ஈடு. உன் 40,000-இல் 25,000 அப்படிப்பட்டது. வரிச் சட்டம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை, முழு 40,000-க்கும் வரி கேட்கிறது. அதனால் பணவீக்கம் கூடக்கூட வரியின் கடியும் கூடும். பணவீக்கம் 20, வட்டி 23 என்று வை. இடைவெளி அதே மூன்றுதான், "வட்டிதான் ஜெயிக்குது" என்று நீ சந்தோஷப்படுவாய். வட்டி 1,15,000, வரி 27,600. கையில் 5,87,400, தேவையோ 6,00,000. பணவீக்கத்தை வென்ற வைப்பில் 12,600 ரூபாய் நட்டம்.

உன் படிக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: எதிர்பார்க்கும் பணவீக்கத்தை 0.76-ஆல் வகு. ஐந்து என்றால் 6.6 வரும். வங்கி அதைவிடக் குறைவாகத் தந்தால் பணம் தேய்கிறது.

உன் தங்கச்சி கதை வேறு. அவளுக்கு மாதம் 90,000தானே, வட்டியோடு சேர்த்தும் 18 லட்சத்தைத் தாண்டாது. வருமானம் அந்த எல்லைக்குள்தான் என்று சுய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் 10 சதவீதத்தைப் பிடிக்கமாட்டார்கள். அதே வங்கி, அதே எட்டு, அவளுக்கு உண்மை லாபம் 15,000. அதுக்காக உன் காசை அவள் பெயரில் போட்டுவிடலாமா என்று யோசிக்காதே, அது பிறகு வீட்டுச் சண்டையில்தான் முடியும். அவளுடைய சேமிப்புக்கு அந்தப் படிவத்தை இந்தக் கிழமையே கொடுக்கச் சொல்.

அவசரத் தேவைக்கான ஐந்தாறு மாதச் செலவு நிலையான வைப்பிலேயே இருக்கட்டும், அங்கே ஒரு சதவீதம் கிடைத்தாலும் போதும். பத்து வருடம் கழித்துக் கட்டப்போகும் வீட்டுக்கான காசையும் அதிலேயே போட்டு வைப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எப்படியும் வங்கியில் வரி பிடித்த சான்றிதழைக் கேட்டு வாங்கி வை. அறிக்கை கொடுக்க நவம்பர் 30 கடைசி நாள், அந்த 4,000-ஐக் கழிக்க அது வேண்டும்.