நான்கு நாட்பழக்கம்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் யான் கொல்லிமலை சென்று, அறப்பளீசுரரை வழிபட்டு, நான்கு நாட்கள் ஆங்குத் தங்கினேன். முதல்நாட் காலையில் ஐயாற்றங்கரையில் மீன்களுக்குப் பொரி இட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். யாழ்ப்பாணத்தினின்றும் போந்த சைவர் அவர். தம் பையிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி என் கையிலிட்டு, "நீங்களும் இடுங்கள், ஐயா" என்றார். பழக்கம் அவ்வளவில் தொடங்கிற்று. அன்றுமுதல் இருவரும் சேர்ந்தே சந்நிதி சென்றோம். மாலைதோறும் அவர் தேவாரம் ஓத, யான் பொருள் கூறினேன். நான்காம் நாள் அவர் நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினார். முகவரி கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

இல்லம் மீண்டபின் மாலையில் தேவார ஏட்டை விரித்தால், அவர் குரல் எழவேண்டிய இடத்தில் என் நெஞ்சு நின்றுவிடும். அறுபது கடந்தவன், திருமடத்திற் பயின்றவன், நான்கு நாட்பழக்கத்திற்குக் கண்கலங்குவதா என்று என்னையே இகழ்ந்தேன். இகழ்ந்ததனால் துயரம் குறைந்திலது. அதன்மேல் நாணமும் ஏறிற்று. சாவு நிகழ்ந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்கப் பலர் வருவர். இத்தகைய பிரிவை வினவ எவரும் வாரார். யானும் எவரிடத்தும் சொல்லேன். ஆதலின் அது உள்ளேயே கிடந்து கனத்தது.

அந்நாட்களில் பொத்தியார் என் நினைவில் வந்தார். கோப்பெருஞ்சோழனோடு உடனுறைந்து பழகிய புலவர் அவர். சோழன் வடக்கிருந்தபோது, அவனை முன்னர்க் கண்டறியாத பிசிராந்தையார் பாண்டி நாட்டினின்றும் வந்து உடனிருந்து உயிர்நீத்தார். நெடுநாட் பழகிய உரிமையுடைய பொத்தியார், 'காணாதவர்க்கு இத்துணைத் துயரமோ' என்று எள்ளினாரல்லர். புறநானூற்று 217ஆம் பாட்டில் வியந்தே நிற்கின்றார். பிறர் துயரை நாட்கணக்கால் அளவாத அப்பெருந்தகைமையை, யான் என் துயருக்குக் காட்டாதொழிந்தேன் என்பது அப்போது விளங்கிற்று.

பிரிவுத்துயர் பாசமன்றோ எனின், முழுதும் அன்று என்பதே யான் என்னிடத்துக் கண்டது. 'என் முகவரியைக் கேளாது போயினாரே' என்று சிலநாள் மனத்துள் வழக்காடினேன், கேளாதவன் யானுமே. அவ்வழக்கு 'எனது' என்னும் செருக்கின் பாற்பட்டது. 'அவர் எங்கிருப்பினும் நலமுற வாழ்க' என்று அதே நெஞ்சு வேண்டிற்று, இஃது அன்பு. இரண்டும் கலந்தே இருந்தன. இகழ்ச்சியை விடுத்து நோக்கிய பின்னரே அவற்றைப் பிரித்தறிய இயன்றது. வழக்கு மெல்ல ஓய்ந்தது, வேண்டுதல் நின்றது.

ஒருநாள் என் மனையாளிடத்து இதனைச் சொன்னேன். அவள் நகைத்திலள், "அவர் எப்படிப் பாடுவார்?" என்று மட்டும் கேட்டாள். அறிந்த மட்டில் பாடிக் காட்டினேன். இன்றும் மாலையில் அவ்விடம் வருங்கால் சிறிது நிற்கின்றேன். பின்னர் மேலே ஓதுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.