அந்தத் தெருவுக்கு அது பெயர் இல்லை

திருவண்ணாமலையில் முப்பது வருடம் வாடகை கார் ஓட்டியவர் அவர். பௌர்ணமி என்றால் எந்தச் சாலையை அடைப்பார்கள், எந்த வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர்தான் ஜெர்மனியில் மகள் ஊரில் வழி தெரியாமல் நின்றார்.

பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முதல்முறையாகத் தனியே காரை எடுத்திருந்தார். வழி தப்பியதும் ஓரமாக நிறுத்தி, மகளுக்கு போன் செய்தார்.

"எந்தத் தெருப்பா?"

நீலப் பலகையில், வெள்ளை அம்புக்குறிக்குள் இருந்ததை எழுத்துக்கூட்டினார். "எயின்பான்ஸ்ட்ராபே."

மகள் சிரித்துவிட்டாள். "அது ஐன்பான்ஷ்ட்ராஸெப்பா. 'பி' மாதிரி இருக்கறது 'ஸ்' எழுத்து. ஐன்னா ஒண்ணு, பான்னா தடம், ஷ்ட்ராஸென்னா தெரு. ஒருவழிப்பாதை! ஊர் முழுக்க இருக்கும். தெருப் பேர் மூலையில தனிப் பலகையில இருக்கும். சிவப்பு வட்டத்துல வெள்ளைப் பட்டை பார்த்தா உள்ளே போகாதீங்க, அது எதிர்முனை."

"முன்னாடி உம்லைடுங்னு ஒரு ஊருக்கு வழி காட்டிட்டே இருந்தான். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

"அங்கேதான் தப்பு! அது ஊர் இல்ல, மாற்றுப்பாதை. உம்னா சுற்றி, லைடுங்னா வழிநடத்தறது. ரோடு அடைச்சிருக்கு. மஞ்சள் அம்புகளை விடாமப் பிடிச்சுப் போங்க. அந்தச் சொல்லுக்குக் குறுக்கே கோடு போட்ட பலகை வந்தா சுத்து முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மூலைப் பலகையில் இருந்த தெருப்பெயரைப் படித்துச் சொன்னார். அங்கிருந்து மஞ்சள் அம்புகள் இருக்கும் சாலைக்கு மகள் வழி சொன்னாள். நான்காவது திருப்பத்தில் கோடு போட்ட பலகை வந்தது. அடுத்தது பள்ளிக்கூடம்.

பேத்தி வாசலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் தாத்தா லேட்?"

"கிரிவலம் வந்தேன்டா கண்ணு."