மூன்று முறை தேடி…

தொடக்கப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் சிறாரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டுமெனில், எதைச் சொல்லாமல் விடுவது என்பதையே நாம் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்துக் காணாமற்போன ஆட்டின் உவமையை, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கென எடுத்துக்கொள்வோம்.

பாவம், மனமாற்றம், விண்ணக மகிழ்ச்சி யாவும் அவ்வுவமையில் உண்டு. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஒன்றுதான் பிள்ளைகளின் மனத்தில் தங்கும். ஆகவே, "தொலைந்த ஆட்டை ஆயர் தேடிக்கொண்டே இருந்தார்" என்று ஒரு தாளில் எழுதி, அதற்குத் துணை செய்யாதவற்றை அடித்துவிடுகிறோம். நூறு, தொண்ணூற்றொன்பது என்னும் எண்களும் போகின்றன. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அவை வெறும் ஒலியே. "நிறைய ஆடுகள், ஒன்றைக் காணோம்" என்பது போதும்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் தொடர் ஒரே மூச்சில் முடிய வேண்டும். "எங்கே? எங்கே?" என்று கேட்டு, கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார்கள், "இங்கே இல்லை" என்று தலையசைப்பார்கள். கதை தொடங்குமுன் இவ்விரண்டையும் இருமுறை பழக்குவோம். கைகளை மடியில் வைத்தால் மௌனம் என்பதையும் அப்போதே கற்பிப்போம். இல்லாவிடில் எழுந்த ஆரவாரத்தை அடக்குவதிலேயே நேரம் போய்விடும்.

ஆயர் முட்புதரில் தேடுகிறார்; ஓடைக்கரையில் தேடுகிறார்; பாறையின் பின்னே தேடுகிறார். உவமையில் இவ்விடங்கள் இல்லை. தேடலின் நீளத்தைப் பிள்ளைகள் உணரவே நாம் சேர்க்கிறோம். முதல்முறை நம்மைப் பார்த்துச் செய்வார்கள்; இரண்டாம் முறை நம்மோடு செய்வார்கள்; மூன்றாம் முறை நமக்கு முந்திக்கொள்வார்கள். வாய் அசைந்தும் கைகள் நின்றுவிட்டால், செய்கைகள் மிகுந்துவிட்டன என்று அறியலாம். ஆயர் ஓடுவதை விரல்களால் தொடையில் தட்டிக் காட்டினால் போதும். எழுந்து ஓடச் சொன்னால் கதை அங்கேயே சிதறும்.

"நீங்கள் எதையாவது தொலைத்ததுண்டா?" என்று கேட்காதிருப்பது நலம், ஐம்பது கைகள் உயரும், ஐம்பது கதைகள் வரும். ஒரு பிள்ளையை ஆடாக நிறுத்துவதும் வேண்டாம். புதிதாய்ச் சேர்ந்து வாய் திறவாதிருக்கும் பிள்ளைக்குத் "தொலைந்த ஆடு" என்னும் பெயர் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதே பிள்ளை எல்லாரோடும் சேர்ந்து நெற்றியில் கை வைக்கும்போது, பேசாமலே கதைக்குள் வந்துவிடுகிறது.

நான்காம் முறை, "எங்கே? எங்கே?" என்ற குரலுக்குப்பின் சற்றே நிறுத்தி, மெல்லிய குரலில் "மே…" என்போம். "இதோ!" என்னும் கூவல் தானாக எழும். ஆயர் ஆட்டைத் தூக்கித் தோளில் வைத்தார் என்று சொல்லி, நம் இரு கைகளையும் தோள்மீது சேர்ப்போம், பிள்ளைகளும் சேர்ப்பார்கள்.

"ஆகவே பிள்ளைகளே…" என்று தொடங்கும் அறிவுரை நம் நாவில் வந்து நிற்கும் இடம் அதுவே. அதை விழுங்கிவிட்டுக் கைகளை மடியில் வைக்கிறோம். மூன்று முறை "இல்லை" என்று சொல்லியும் தேடலைக் கைவிடாதவர்கள் அப்பிள்ளைகளே. சொல்ல வேண்டியதை அவர்கள் கைகள் முன்னரே சொல்லிவிட்டன.