முந்நூறு சொல்லுக்குள் ஒரு துரு

எங்கள் திருப்பத்தூர்த் தெருவில் ஒரு பெண் காரைக்குடியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். இலைச்சாறு கலந்த அமிலத்தில் இரும்புத் தகடு எவ்வளவு குறைவாக அரிபடுகிறது என்பது ஆய்வுப் பொருள். ஒரு கருத்தரங்குக்காக முப்பது ஸ்லைடை 300 சொல்லில் போஸ்டராக்க வேண்டும். "எதை வெட்டுறதுண்ணே?" என்று லேப்டாப்போடு வந்தாள்.

அறிமுகத்தை இரண்டு வரியாக்கினோம். துருவால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று அரிமானக் கருத்தரங்குக்கு வருபவருக்குச் சொல்ல வேண்டாம். செய்முறையில் அமிலத்தின் செறிவு, நேரம், வெப்பநிலை, தகடுகளின் எண்ணிக்கை மட்டும் நின்றன. 'முடிவுகள்' என்ற வெற்றுத் தலைப்புக்குப் பதில் முடிவையே தலைப்பாக்கினோம். மைக் மாரிசன் 2019இல் பரப்பிய போஸ்டர் வடிவமும் இதைத்தான் கேட்கிறது: முக்கிய முடிவு நடுவில், தூரத்திலிருந்தே படிக்கும் பெரிய எழுத்தில்.

சிக்கல் அங்கேதான். சாறு இல்லாமல் 50 மில்லிகிராம் கரைந்த தகடு, சாறோடு 10தான் கரைந்தது. (50−10)/50, அதாவது 80 சதவீதம். அவள் எழுதியது: "இலைச்சாறு அரிப்பை 80% தடுக்கிறது." ஆனால் அது அறை வெப்பநிலையில் கிடைத்த எண். 60 டிகிரியில் பாதிகூட இல்லை. சாற்றின் மூலக்கூறுகள் இரும்பில் லேசாகத்தான் ஒட்டுகின்றன, சூட்டில் கழன்றுவிடுகின்றன என்று அவளுடைய ஸ்லைடே சொன்னது. சொல் குறைக்கையில் முதலில் உதிர்வது இந்த நிபந்தனைகள்தான். அடைமொழி போனால் நட்டமில்லை, நிபந்தனை போனால் முடிவே வேறாகிவிடும்.

"அறை வெப்பத்தில் அரிப்பை 80% குறைத்தது; 60 டிகிரியில் பாதிக்கும் கீழே" என்று மாற்றினோம். இடம் போதவில்லை. நன்றியுரையில் நாலு பேரைக் கழற்றினாள், வழிகாட்டியை மட்டும் தொடவில்லை.