ரேஷன் கடையும் தவிலும்

செப்டம்பர் 4

தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஓய்வு பெறும் நாள், அதுதான் கதை. எங்கே தொடங்கினாலும் கடைசியில் மனுஷன் ஷட்டரை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதே அழுகையை எத்தனை கதையில் படித்தாயிற்று!

செப்டம்பர் 5

இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜானி ரொடாரி 1973-ல் வெளியிட்ட கற்பனை இலக்கண நூலில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பிள்ளை கரும்பலகையின் முன்பக்கம் ஒரு சொல் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் இன்னொரு பிள்ளை பின்பக்கம் எழுத வேண்டும். அவர் காட்டும் ஜோடி நாயும் அலமாரியும். அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி, அலமாரியோடு நாய் என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கதைக்கு வாசல். குதிரை, நாய் என்று எடுத்தால் பயனில்லை, இரண்டும் விலங்கு. சொற்களுக்கு நடுவே தூரம் வேண்டும் என்கிறார்.

செப்டம்பர் 6

ஒரு சொல் 'ரேஷன் கடை' என்று வைத்துக்கொண்டேன். இன்னொன்றுக்குக் கண்ணை மூடி அகராதியைப் பிரித்து விரல் வைத்தேன். தராசு! அது கடையிலேயே இருக்கும் சாமான். போதாததற்கு உடனே நீதி, நியாயம் என்று பிரசங்கம் தொடங்கிவிடும். தள்ளினேன். பிடிக்கவில்லை என்று சொல்லை மாற்றிக்கொண்டே போனால், பழகிய சொல் வரும்வரை புரட்டிக்கொண்டிருப்போம். பக்கத்துச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்றலாம்.

அடுத்தது தவில். எரிச்சலாக இருந்தது. சரி, இதுவே இருக்கட்டும்.

ரேஷன் கடையின் தவில்: ஆண்டு விழா, சப்பென்று இருக்கிறது. தவிலோடு ரேஷன் கடைக்கு: ஒருவர் கச்சேரி முடிந்து நேரே வரிசையில் நிற்கிறார். சிரிப்பு வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. ரேஷன் கடையில் தவில்: யார் வைத்தது? ஏன் எடுக்கவில்லை? கேள்வி வந்ததும் பேனா ஓடியது. கார்டு எடுத்துவர வீட்டுக்குப் போன தவில்காரர் திரும்பவே இல்லை. சர்க்கரை மூட்டைமேல் உறை போட்ட தவில் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் பில் போடுகிறவர் உறையை விலக்கி வலந்தலையில் தட்டிப் பார்ப்பார். விரலில் கூடு இல்லாததால் சத்தம் மொத்தையாக வரும்.

செப்டம்பர் 7

ஓய்வு நாளில் புது ஆளிடம் சரக்கை ஒப்படைக்க வேண்டுமே. அரிசி, பருப்பு, பாமாயில், காலிச் சாக்கு எல்லாம் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன. தவில் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. விட்டுப் போனால் புது ஆள் கேட்பான். எடுத்துப் போனால் திருட்டு. அழுகைக் காட்சி தானாகக் கழன்றது. பழைய முடிவே திரும்பி வந்திருந்தால் தவில் வெறும் சாமானாக மூலையில் கிடக்கிறது என்று அர்த்தம்.

செப்டம்பர் 9

முடிவு வரவில்லை. இதற்கும் அகராதியைப் புரட்டலாமா என்று கை போனது, அடக்கிக்கொண்டேன். இன்னொரு சொல் வந்தால் இன்னொரு கதைதான் தொடங்கும். அவர் எடுத்துப் போவாரா, விட்டுப் போவாரா என்பது அவர் குணத்தைப் பொறுத்தது. அதை நான்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நாளைக்குக் கோயில் தவில்காரரைப் பார்த்து, பல வருஷம் வாசிக்காமல் கிடந்தால் தோல் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். தொய்ந்துபோகும் என்றால் அந்தத் தட்டும் காட்சியே மாறும்.