யானும் யானையும்

கொளவாய் ஏரியைப் பற்றி முப்பது வெண்பாவில் ஓர் அந்தாதி எழுதத் தொடங்கி, பத்தாவது பாட்டோடு நின்றுபோனேன். அந்தப் பாட்டு 'கரை' என்று முடிந்திருந்தது. ஏரிக்குக் கரை இருப்பது இயல்புதான். ஆனால் அடுத்த பாட்டையும் அதே கரையில் தொடங்கினால், எழுதுகிறவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். நான்கு நாள் கழித்து, செங்கல்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் ஒரு காகம் கத்தியபோதுதான் வழி கிடைத்தது. கரை என்ற பெயர், கரைகிற காகத்தின் வினையாயிற்று. பதினொன்றாவது பாட்டு பிறந்தது.

அந்தாதி கட்டுகிறவனுக்குப் பாதி வேலை இந்த முடிச்சில்தான் இருக்கிறது. ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லோ அதன் அசையோ அடுத்த பாட்டின் தலையில் வந்து நிற்க வேண்டும். கடைசிப் பாட்டின் ஈறு முதற்பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும். வெண்பாவில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் அமைய வேண்டும் என்பதால், முடிச்சுக்குக் கிடைக்கும் சொற்கள் எல்லாமே குட்டையானவை. முடிச்சுப் போட்டுக் கைகாய்த்த பிறகு, எங்கள் கடற்கரைக்காரர் ஒருவரை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது.

அவர் பூதத்தாழ்வார். பிறந்த ஊர் கடல்மல்லை, அதாவது மாமல்லபுரம் என்பது வைணவ மரபு. தலசயனப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. அவருடைய இரண்டாம் திருவந்தாதி நாலாயிரத்தில் இயற்பாவைச் சேர்ந்தது, நூறு வெண்பா. அதற்குள் அவர் தம் பாட்டைப் பற்றியே பேசுகிற இடங்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் பிய்த்தெடுத்து 'கவிஞரின் கவிதைக் கொள்கை' என்று தலைப்பிட்டுவிடுவது எளிது. நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன்.

முதற்பாட்டை எடுத்துக்கொள்வோம். அன்பு அகலாகிறது, ஆர்வம் நெய்யாகிறது, இன்பத்தில் உருகும் சிந்தை திரியாகிறது. அந்த ஞான விளக்கை நாரணனுக்கு ஏற்றியவர், ஞானத் தமிழ் செய்த தாமே என்று முடிக்கிறார். விளக்கில் உருக வேண்டியது நெய். இங்கே திரியும் உருகுகிறது, ஏற்றுகிறவரும் உருகுகிறார். உவமை பிசகியதாக எனக்குத் தோன்றவில்லை. விளக்கும் அதை ஏற்றும் கையும் வேறல்ல என்று சொல்லத்தான் அவர் அப்படி வைத்திருக்கிறார். அதைவிட என்னை உறுத்தியது காலம். ஏற்றினேன், செய்தேன் என்று இறந்தகாலத்தில் பேசுகிறார். இன்னும் தொண்ணூற்றொன்பது பாட்டு பாக்கி இருக்கிறதே!

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். முகவுரையைப் போல முதற்பாட்டையே கடைசியில் எழுதியிருக்கலாம். என் அனுபவத்தில் அது நடக்கக்கூடியதுதான், ஏனென்றால் முப்பதாவது பாட்டு எந்தச் சொல்லில் வந்து விழும் என்று பார்த்தபிறகு முதற்பாட்டைத் திருத்த வேண்டிவரும். அல்லது நன்னூல் இடம் கொடுக்கிற மாதிரி, நடக்கப்போவது உறுதி என்ற தெளிவினால் எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லியிருக்கலாம். அவர் ஊரான மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். தருமராச ரதத்தின் கீழ்த்தளம் முடியாமலே நிற்பதைப் பார்த்தால், எது முதல் எது கடைசி என்று கல்லே சொல்லிவிடும். பாட்டில் அந்த உளித்தடம் தெரியாது. ஆகையால், நான் இப்படிச் செய்தேன் என்று பாட்டுக்குள் ஒருவர் சொன்னால் அதை வேலைநாட்குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 74ஆம் பாட்டு. ஏழு பிறப்பிலும் தவம் செய்தவன் யானே, தவத்தை உடையவன் யானே, உன் அடிகளுக்குத் தமிழ்மாலை சொன்னவனும் யானே, பெருந்தமிழன் நான், மிகவும் நல்லவன் என்கிறார். திருக்கழுக்குன்றத்தில் ஆசிரியராக இருக்கும் இளம் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "என்னங்கய்யா, அடக்கமே இல்லையே?" என்றார். கேட்கத்தக்க கேள்விதான். பாட்டே மூச்செடுத்துத் திரும்புகிற தனிச்சொல் இடத்திலும் 'யானே' வந்து உட்கார்ந்திருக்கிறது.

"முன்னாடி ஒரு பாட்டு, பின்னாடி ஒரு பாட்டு சேர்த்துப் படிங்க தம்பி" என்றேன்.

73ஆம் பாட்டு 'யான்' என்று முடிகிறது. எந்த யான்? யானையைக் காத்த பெருமானுக்கு அடிமைப்படத் துணிந்த யான். அந்தாதி என்பதால் 74 அந்தச் சொல்லில்தான் தொடங்கியாக வேண்டும். ஆக, மார்தட்டுகிற 'யானே' திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஆட்பட்ட யானின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஏகாரம் மட்டும் புதிது.

பிறகு 74 எந்தச் சொல்லில் முடிகிறது என்று பாருங்கள்: 'பெருகு'. மிகுதி என்ற பொருளில், தன் நன்மையை அளக்கிற சொல் அது. அடுத்த பாட்டின் தலையில் அதே சொல் மதநீராகிறது. மதம் பெருகிய களிறு ஒன்று தன் பிடியின் முன்னே நிற்கிறது. இரண்டு கணு உள்ள இளமூங்கிலை ஒடித்து, பக்கத்திலிருந்த தேனில் தோய்த்து நீட்டுகிறது. அதுதான் திருவேங்கடம் என்கிறது பாட்டு.

என் 'கரை' காகமானதைப் போன்ற வேலைதான் இது. ஆனால் எங்கேயோ உயரத்தில் நடந்திருக்கிறது. தன்னைப் புகழ்ந்த சொல்லின் மிகுதி, ஒரே அடி தாண்டுவதற்குள் ஒரு விலங்கின் கன்னத்தில் வழிகிறது. அந்த விலங்கோ, அத்தனை மதத்தோடும், தேன் தோய்த்த ஒரு தளிரைப் பிரியமானவருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழ்மாலையை அடியில் வைத்தவருக்கும் அந்தக் களிற்றுக்கும் உள்ள உறவைப் பாட்டு வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிச்சு சொல்கிறது. முன்பாட்டிலும் ஒரு யானை, பின்பாட்டிலும் ஒரு யானை, நடுவில் யான்.

நண்பர் விடவில்லை. "நூறு முடிச்சையும் இப்படி அவிழ்த்தா எல்லாத்துக்கும் அர்த்தம் வந்திடுமே ஐயா?" வராது, வரவழைக்கவும் கூடாது. பல இடங்களில் சொல் வெறும் பாலம்தான். ஏறி இறங்கிவிட வேண்டியதுதான். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே: தாண்டும்போது சொல்லின் பொருள் மாறுகிறதா, மாறிய பொருள் பழைய பாட்டைத் திரும்பிப் பார்க்கவைக்கிறதா? இரண்டும் நடந்தால் நிற்பேன். மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், அது என் கற்பனை என்று விட்டுவிடுவேன். களிறு முதலில் தோன்றி அதற்காகப் 'பெருகு' வந்ததா, 'பெருகு' வந்து களிற்றை இழுத்துவந்ததா என்று கேட்டால், என் ஏரிப் பாட்டில் இரண்டுமே நடந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

நூறாவது பாட்டில் அவர் தம் வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாலே, நெடியோனே, கண்ணனே என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறார். தவம், பெருந்தமிழ் ஒன்றுமில்லை. தம்முடைய அன்பு தம் அளவுக்குள் அடங்கவில்லை என்று மட்டும் முடிக்கிறார். ஈற்றுச்சீர் 'அன்பு', காசு வாய்பாடு. முதற்பாட்டின் முதற்சொல்லோடு முடிச்சு விழுகிறது. அங்கே அன்பு ஓர் அகல். நெய்யும் திரியும் கொள்கிற அளவுள்ள பாத்திரம்.